ஒழுங்காற்று ஆணையத்தின் வினாவும் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலும்: ஒரகடம் வெள்ள இழப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழில் வளாகங்கள், ஒருகாலத்தில் ஏரிகளையும் அவற்றை இணைத்த கால்வாய்களையும் நம்பி வேளாண்மை நடந்த நிலத்தின் மீது எழுந்தவை. அடையாற்றின் தலைப்பகுதி மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியில் தொடங்குகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்பிடிப்புப் பரப்பும் இப்பகுதிக்குள் நுழைந்து நிற்கிறது. ஆதலால் வடகிழக்குப் பருவமழை மிகும் ஆண்டுகளில், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய சிப்காட் பூங்காக்களின் தாழ்வான மனைகளில் தண்ணீர் தேங்குவது எதிர்பாராத நிகழ்ச்சியன்று. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோது, இவ்வட்டாரத்தின் வாகனத் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு தொழிற்கூடங்களில் மூலப்பொருளும் முடிந்த சரக்கும் நீரில் மூழ்கின. இழப்பீடு கோரி விண்ணப்பங்கள் குவிந்த அந்த மாதத்தில், இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் மேம்பாட்டு ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, மூத்த அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்கி நடைமுறையை எளிதாக்கிக் கோரிக்கைகளை விரைந்து முடிக்கும்படி கேட்டுக்கொண்டது.

பெருவெள்ளத்தின்போது பொதுவான அறிவுறுத்தல் தரும் இதே ஆணையம், தனி ஒரு பாலிசிதாரரின் முறையீட்டின் பேரில் ஒரு நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதும் உண்டு. அவ்வாறு கேட்கப்பட்ட வினாவுக்குக் காப்பீட்டு நிறுவனம் அளிக்கும் பதிலே இக்கட்டுரையின் பொருள். அப்பதில் நிறுவனத்தின் தற்காப்பு வாதமாக எழுதப்படும்போது பயனற்றுப் போகிறது. நடந்தவற்றை நாள்வாரியாக அடுக்கிக் காட்டும் பதிவாக எழுதப்படும்போது, தவறு எங்கே நேர்ந்தது என்பதை எழுதுபவருக்கே அது காட்டிக்கொடுக்கிறது. இவ்வேறுபாடு பதிலின் நடையை மட்டும் பொறுத்ததன்று, இழப்பீட்டுத் தொகையையே மாற்றக்கூடியது என்பதைக் கணக்கோடு நிறுவுவது இங்கே நோக்கம்.

முதலில் வினா எவ்வழியாக வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாலிசிதாரர் தம் குறையை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முதலில் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தீர்வு காண 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஆணையத்தின் இணைய வழியான பீமா பரோசாவில் முறையிடலாம். 2011இல் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பு மேலாண்மை அமைப்பு என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின் இன்றைய வடிவமே இது. அங்கே பதிவாகும் முறையீடு உடனே நிறுவனத்தின் பார்வைக்குப் போய்ச்சேர்கிறது. எல்லா முறையீட்டிலும் ஆணையம் தானே இறங்கி ஆராய்வதில்லை. ஆனால் விதிமீறல் தென்படும் இடத்தில், 1999ஆம் ஆண்டின் ஆணையச் சட்டம் 14ஆம் பிரிவில் தந்துள்ள அதிகாரத்தின்படி தகவலும் ஆவணமும் கேட்கிறது. கேட்ட தகவலைத் தராமல் விடும் நிறுவனத்துக்கு, 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 102ஆம் பிரிவின் கீழ் தண்டம் விதிக்க இடமுண்டு.

ஆணையம் நீதிமன்றமன்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நனைந்த சரக்கின் மதிப்பு இருபது லட்சமா இருபத்தைந்து லட்சமா என்ற வழக்கில் அது தீர்ப்பு வழங்குவதில்லை. அந்தக் கேள்விக்கு நுகர்வோர் ஆணையம், உரிமையியல் நீதிமன்றம், தகுதியுடையவர்களுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் ஆகிய வாயில்கள் உள்ளன. ஒழுங்காற்று ஆணையம் பார்ப்பது நிறுவனம் நடந்துகொண்ட முறையை: காலக்கெடு காக்கப்பட்டதா, பாலிசி வாசகம் சரியாகப் பொருத்தப்பட்டதா, மறுப்புக்கும் குறைப்புக்கும் எழுத்தில் காரணம் சொல்லப்பட்டதா என்பவற்றை. இந்த எல்லையை உணராத பதில்கள் முறையீட்டாளரின் நேர்மையை ஐயுறுவதிலேயே பல பக்கங்களைச் செலவிட்டு, ஆணையம் கேட்ட நாட்களைச் சொல்லாமல் முடிகின்றன.

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. எந்த நிறுவனத்தின் கோப்பையும் சார்ந்ததன்று. ஆனால் இதில் வரும் பாலிசி வகையும் விதிகளும் உண்மையானவை. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் ஒன்று, கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றுக்குச் சேர்த்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி எடுத்துள்ளது. ஓரிடத்தில் உள்ள காப்பீட்டுக்குரிய சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்காக, ஆணையம் வகுத்த பொது வாசகத்துடன் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாலிசி இது. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ளவற்றுக்கு பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்ற இன்னொன்று உண்டு. மாதிரியில் சரக்குக்கான காப்பீட்டுத் தொகை 1 கோடியே 40 லட்சம். 2024 டிசம்பர் 13 அன்று கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மறுநாளே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லப்பட்டது. நனைந்த சரக்கில் விற்கத்தக்கதன் மதிப்பைக் கழித்தபின் நிகர இழப்பு 24 லட்சம் என்று சர்வேயர் கணித்தார். இழப்பு நேர்ந்த நாளில் கூடத்தில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு 1 கோடியே 60 லட்சம் என்றும் அவர் குறித்தார்.

இக்கடைசி எண்ணே சிக்கலின் வேர். இருந்த சரக்கின் மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை குறைவாக இருப்பதைக் குறைக்காப்பீடு என்பர். பழைய தீ பாலிசிகளில் குறைக்காப்பீடு கண்டறியப்பட்டால், சொத்தின் எப்பங்குக்குக் காப்பீடு எடுக்கப்பட்டதோ இழப்பிலும் அப்பங்கே தரப்படும். இதை விகித விதி எனலாம். கிளை அலுவலகம் அவ்விதியைப் பொருத்தி, 24 லட்சத்தை 160ஆல் வகுத்து 140ஆல் பெருக்கி 21 லட்சம் வழங்கியது. ஆனால் மேற்சொன்ன இரு புதிய பாலிசிகளிலும் 15 விழுக்காடு வரையிலான குறைக்காப்பீடு பொருட்படுத்தப்படாது என்று வாசகமே உள்ளது. 1 கோடியே 60 லட்சத்துக்கு 20 லட்சம் குறைவு என்பது 12.5 விழுக்காடு. எனவே விகித விதிக்கு இங்கே இடமில்லை. 24 லட்சமும் தரப்பட வேண்டும். பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய தொடக்கப் பகுதியைக் கழிப்பது தனிக் கணக்கு. எளிமை கருதி இங்கே விடப்பட்டுள்ளது. 3 லட்சம் குறைந்ததற்குப் பாலிசிதாரருக்கு அனுப்பிய கடிதத்தில் சொல்லப்பட்ட காரணம், சர்வேயர் அறிக்கையின்படி என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

தொழிற்கூட உரிமையாளர் இந்தக் குறைப்பையும் தாமதத்தையும் எதிர்த்து முறையிட்டார். குறைதீர்ப்பு அதிகாரி 14 நாளுக்குள் பதில் தந்தார். ஆனால் கிளை சொன்னதையே திரும்பச் சொன்னார். மார்ச் 3 அன்று முறையீடு பீமா பரோசாவில் பதிவாகி, மார்ச் 7 அன்று ஆணையத்தின் வினா வந்தது. கோரிக்கை எப்போது பெறப்பட்டது, சர்வேயர் எப்போது நியமிக்கப்பட்டார், அறிக்கை எப்போது வந்தது, முடிவு எப்போது சொல்லப்பட்டது, தொகை குறைந்ததற்குப் பாலிசியின் எந்த வாசகம் அடிப்படை, தாமதம் இருப்பின் காரணமும் வட்டியும் என்ன என்பன வினாவின் உள்ளடக்கம்.

கிளை அலுவலகம் தலைமையகத்துக்கு அனுப்பிய முதல் வரைவு மூன்றே வாக்கியங்களில் அமைந்தது: பாலிசிதாரர் ஆவணங்களைத் தாமதமாகத் தந்தார், உரிமம் பெற்ற சுதந்திரமான சர்வேயரின் அறிக்கைப்படி தொகை வழங்கப்பட்டது, ஆகவே நிறுவனத்தின் பக்கம் குறையேதும் இல்லை. இத்தகைய வரைவு வழக்கத்தில் மிகவும் பரவலானது. இதை உடைத்துப் பார்ப்பதற்குரிய ஒரே கருவி காலவரிசை. கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளையும் அது எழுதப்பட்ட நாளைக் கொண்டன்றி, அனுப்பப்பட்ட அல்லது பெறப்பட்ட நாளைக் கொண்டு அடுக்கி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே அதற்குரிய விதிக் காலக்கெடுவையும் சான்றையும் எழுத வேண்டும். கடிதத்தின் மேலே உள்ள தேதியும் அஞ்சல் சென்ற தேதியும் வேறுபடுவது அலுவலகங்களில் அரிதன்று. மின்னஞ்சல் பதிவையும் கோரிக்கை மென்பொருளில் பதிவான நேரத்தையும் கொண்டே இதைச் சரிபார்க்க முடியும்.

ஆணையம் 2024இல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைகளின்படி, கோரிக்கை தெரிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கப்பட்ட 15 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மாதிரிக் கோப்பில் சர்வேயர் டிசம்பர் 15 அன்று, கெடுவுக்குள்ளேயே, ஒதுக்கப்பட்டார். 17ஆம் நாள் இடத்தைப் பார்வையிட்டு, 18ஆம் நாள் கொள்முதல் இன்வாய்ஸ், சரக்குப் பதிவேடு, ஜிஎஸ்டி கணக்கறிக்கை ஆகியவற்றைக் கேட்டார். ஆறு நாளில், டிசம்பர் 24 அன்று, அவை தரப்பட்டன. அதன்பின் ஒன்பது நாள் கோப்பு அசையவில்லை. ஜனவரி 2 அன்று, அதாவது அறிக்கை வந்திருக்க வேண்டிய டிசம்பர் 30 கடந்த பிறகு, வங்கிக்குத் தந்த சரக்கு விவரமும் முந்தைய ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பும் வேண்டும் என்று இரண்டாவது பட்டியல் போனது. நான்கு நாளில் அவையும் வந்தன. ஜனவரி 20 அன்றுதான் அறிக்கை கிடைத்தது. 21 நாள் தாமதம். ஜனவரி 27க்குள் சொல்ல வேண்டிய முடிவு பிப்ரவரி 10 அன்று, 14 நாள் பிந்தி, தொகையுடன் சென்றது.

இந்த அடுக்கைப் பார்த்த அளவில் வரைவின் முதல் வாக்கியம் நிற்கவில்லை. தகவல் சொன்ன நாளிலிருந்து பணம் கிடைத்த நாள்வரை கழிந்தவை 58 நாட்கள். அவற்றில் பாலிசிதாரரின் கையில் ஆவணக் கேள்வி இருந்தது 10 நாட்கள் மட்டுமே. மீதி 48 நாளும் சர்வேயரிடமோ நிறுவனத்திடமோ கழிந்தவை. அதிலும் இரண்டாவது பட்டியலில் கேட்டவற்றை முதலிலேயே கேட்டிருக்கலாம். தவணை தவணையாக ஆவணம் கேட்பதே வெள்ள இழப்பீடுகளில் நாட்களை விழுங்கும் முதன்மைக் காரணம். ஆவணம் இல்லை என்பதற்காகக் கோரிக்கையை மறுக்கலாகாது என்றும், இழப்பீட்டோடு நேர்த்தொடர்புடைய தேவையான ஆவணங்களையே கேட்க வேண்டும் என்றும் 2024 ஜூனில் ஆணையம் பொதுக் காப்பீட்டுக்கான சுற்றறிக்கையில் எழுதியதன் பின்னணி இதுதான். தண்ணீர் புகுந்த கூடத்தில் காகிதக் கோப்புகளும் நனைந்திருக்கும் என்பதை அறியாமல் எழுதப்பட்ட ஆவணப் பட்டியல்கள் இவ்வட்டாரத்துச் சிறு தொழிலதிபர்களுக்கு இழைத்த துன்பம் சிறிதன்று.

வரைவின் இரண்டாவது வாக்கியம் மேலும் கவனத்துக்குரியது. சர்வேயர் சுதந்திரமானவர் என்பது உண்மை. அவருக்கு உரிமம் தருவது ஆணையமே. ஆனால் அவர் கணித்த தொகையிலிருந்து வேறுபட்ட தொகையை வழங்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று காப்பீட்டுச் சட்டத்தின் 64 யுஎம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. சர்வேயர் அறிக்கை முக்கியமான சான்றே தவிர இறுதி முடிவன்று என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் சொன்னதும் இதே பொருளில்தான். பாலிசியின் வாசகத்தைப் பொருத்தும் கடமை நிறுவனத்தினுடையது. சர்வேயர் தந்த 24 லட்சம், 1 கோடியே 60 லட்சம் என்ற இரண்டு எண்களும் சரியானவை. அவற்றின் மீது பொருந்தாத விதியை ஏற்றியதே பிழை. அவ்விதியைச் சர்வேயரே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தாலும், சரிபாராமல் கையொப்பமிட்டது கிளை அலுவலகம். ஆதலால் சர்வேயரின் பின்னால் ஒதுங்கும் பதில் சட்டப்படியும் நிற்காது, நியாயப்படியும் நிற்காது.

இவ்விடத்தில் வேறொரு சபலமும் எழுவதுண்டு. ஆணையத்தின் வினா வந்தபின், குறைப்பை நிலைநிறுத்துவதற்காகக் கோப்பில் புதுக் காரணம் தேடப்படும்: தகவல் ஒரு நாள் தாமதமாக வந்தது, சரக்குத் தரைமட்டத்திலிருந்து உயர்த்தி வைக்கப்படவில்லை என்பனபோல. 2016இல் கலாடா பவர் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில், மறுப்புக் கடிதத்தில் சொல்லப்படாத தாமதக் காரணத்தைப் பின்னர் எழுப்ப இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சர்வேயரை நியமித்து இழப்பை ஆராய்ந்த நிறுவனம் அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. தாமதமாகத் தகவல் தந்தார் என்பதற்காக மட்டும் உண்மையான கோரிக்கையை மறுக்கக்கூடாது என்று ஆணையமும் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எனவே பதிலில் சொல்லத்தக்க காரணங்கள், பாலிசிதாரருக்கு முன்னமே எழுத்தில் சொன்னவை மட்டுமே. அவை தவறானவை என்றால் தவறு என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

தலைமையகம் இவற்றையெல்லாம் பார்த்தபின் மார்ச் 21 அன்று அனுப்பிய பதிலின் நடுப்பகுதி பின்வருமாறு அமைந்திருந்தால், அது வினாவுக்கு நேரான விடையாகும்:

"சர்வேயர் அறிக்கை 30.12.2024க்குள் பெறப்பட்டிருக்க வேண்டும், 20.01.2025 அன்று பெறப்பட்டது (இணைப்பு 5). பாலிசிதாரர் கேட்கப்பட்ட ஆவணங்களை முறையே 6, 4 நாட்களில் அளித்துள்ளார் (இணைப்பு 3, 4). தாமதத்துக்கு அவர் காரணர் அல்லர். முடிவு 27.01.2025க்குள் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், 10.02.2025 அன்று தெரிவிக்கப்பட்டது (இணைப்பு 6). சரக்கின் மீதான குறைக்காப்பீடு 12.5 விழுக்காடு. பாலிசி வாசகத்தின்படி 15 விழுக்காடு வரை இது பொருட்படுத்தத்தக்கதன்று. எனவே ரூ.3,00,000 கழித்தது பிழை. இத்தொகையும், இதற்கும் 10.02.2025 அன்று வழங்கிய தொகைக்கும் உரிய வட்டியும் 20.03.2025 அன்று பாலிசிதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டன (இணைப்பு 8). 25.02.2025 அன்று குறைதீர்ப்பு அதிகாரி அளித்த பதிலில் இவ்வாசகம் ஆராயப்படவில்லை என்பதையும் நிறுவனம் ஒப்புக்கொள்கிறது."

இப்பகுதியில் பெரும்பாலான நிகழ்வுகளுக்கு எதிரே நாளும் இணைப்பும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வருந்துகிறோம் என்ற சொல் இடம்பெறாமலே பொறுப்பு ஏற்கப்பட்டுள்ளது. பாலிசிதாரருக்கு எழுதும் கடிதத்தில் வருத்தம் தெரிவிப்பது முறை, ஆணையத்துக்கு எழுதுவதில் உண்மை போதும். நிறுவனம் கெடுவைக் காத்த இடமும், அதாவது சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் ஒதுக்கியதும், காலவரிசையில் உரிய இடத்தில் அதே சமநிலையான நடையில் சொல்லப்பட வேண்டும். நல்லதை மட்டும் எடுத்துக்காட்டுவதும் பிழையை மட்டும் குவிப்பதும் பதிவைக் கோணலாக்கும்.

வட்டியின் கணக்கு பலரும் சறுக்கும் இடம். தாமதமான இழப்பீட்டுக்கு வங்கி வீதத்துக்கு மேல் 2 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்பது பாலிசிதாரர் நலன் காக்கும் விதிகளில் 2017 முதல் தொடர்ந்துவருவது. வங்கி வீதம் என்பது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வீதம்; 2024 ஏப்ரல் முதல் நாளில் அது 6.75 விழுக்காடு. ஆக இம்மாதிரியில் வட்டி 8.75 விழுக்காடு. கெடுக்கள் யாவும் காக்கப்பட்டிருந்தால் டிசம்பர் 30இல் அறிக்கையும் ஜனவரி 6இல் முடிவும் வந்திருக்கும் என்று கொண்டு, வட்டி ஜனவரி 6 முதல் கணக்கிடப்படுகிறது. பிழையாகக் கழித்த 3 லட்சத்துக்கு மார்ச் 20 வரை 73 நாள். வட்டி 5,250 ரூபாய். ஆனால் அத்துடன் முடியவில்லை. பிப்ரவரி 10 அன்று வழங்கிய 21 லட்சமும் 35 நாள் தாமதமானதே. அதற்குரிய வட்டி ஏறத்தாழ 17,620 ரூபாய். முறையீட்டில் குறிப்பிடப்பட்ட 3 லட்சத்துக்கு மட்டும் வட்டி கொடுத்துவிட்டு, அதைவிட மூன்று மடங்குக்கு மேலான இன்னொரு வட்டியை விட்டுவிடும் பதில்கள் எழுதப்படுவது, எழுதுபவர் காலவரிசையைத் தாமே படிக்காததால்தான். எந்த நாளிலிருந்து, எந்த வீதத்தில், எத்தனை நாளுக்கு என்பதைப் பதில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அந்தத் தொடக்க நாளை ஏற்பதா மறுப்பதா என்று பாலிசிதாரரும் ஆணையமும் முடிவு செய்ய இயலும்.

தவறான தொகையைத் திருப்பிக் கொடுப்பது திருத்தம். அதே தவறு மீண்டும் நேராதபடி காரணத்தை நீக்குவது திருத்த நடவடிக்கை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் எவரும் இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவர். குறையுள்ள உதிரிபாகத்தை மாற்றித் தந்தால் மட்டும் வாகன நிறுவனம் விடுவதில்லை, அச்சிலோ இயந்திர அமைப்பிலோ இருந்த காரணத்தைக் காட்டும்படி கேட்கும். காப்பீட்டு நிறுவனங்களின் பதில்களில் இப்பகுதியே மிகவும் மெலிந்து காணப்படுகிறது. சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வாக்கியத்தை எந்த முறையீட்டுக்கும் ஒட்டலாம். ஆதலால் அது எந்த முறையீட்டுக்கும் விடையாகாது.

மாதிரியில் காரணத்தைத் தேடினால், கிளையில் பயன்பட்ட இழப்பீட்டுக் கணக்குத் தாள் பழைய தீ பாலிசிக்காக உருவானது என்பது தெரியவரும். காப்பீட்டுத் தொகையையும் சரக்கின் மதிப்பையும் இட்டவுடன் அது விகித விதியைத் தானே பொருத்திவிடும். 2021இல் புதிய பாலிசிகள் வந்தபோது அத்தாளை மாற்றும் பொறுப்பு எவருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே பிழை ஓர் ஊழியரின் கவனக்குறைவன்று. அத்தாளைப் பயன்படுத்திய கிளைகள் யாவற்றிலும், குறைக்காப்பீடு 15 விழுக்காட்டுக்குள் இருந்த கோரிக்கைகள் யாவற்றிலும் இதே கழிவு நேர்ந்திருக்கும். இங்கேதான் பதில் ஒரு முறையீட்டைக் கடந்து செல்ல வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. முறையிடத் தெரிந்த ஒருவருக்கு 3 லட்சம் கிடைத்து, முறையிடத் தெரியாத மற்றவர்கள் இழந்தபடியே இருப்பது நீதியன்று. பிரிட்டனில் நிதி நடத்தை ஆணையம், முறையீடுகளின் அடிப்படைக் காரணத்தை ஆராய்ந்து, முறையிடாதவர்களும் பாதிக்கப்பட்டார்களா என்று பார்க்கும்படி நிறுவனங்களிடம் எதிர்பார்க்கிறது. அப்படி ஒரு வரி நம் நிறுவனங்களின் பதிலில் தானாக இடம்பெற வேண்டும்.

எனவே பதிலின் இறுதிப் பகுதி இவற்றைச் சொல்ல வேண்டும்: கணக்குத் தாள் எந்த நாளில் திருத்தப்பட்டது, திருத்தியபின் எந்த எடுத்துக்காட்டுக் கணக்குகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது, 2021 ஏப்ரலுக்குப் பின் இவ்விரு பாலிசிகளிலும் குறைக்காப்பீட்டுக்காகத் தொகை கழிக்கப்பட்ட கோரிக்கைகளை மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்து மறுஆய்வு செய்யும் பணி யாரிடம் தரப்பட்டுள்ளது, எந்த நாளுக்குள் முடியும், சர்வேயர்களுக்கு ஆவணப் பட்டியலை ஒரே தடவையில் அனுப்பும் கட்டாயம் எப்படிக் கண்காணிக்கப்படும், இவை யாவும் நிறுவன இயக்குநர் குழுவின் பாலிசிதாரர் நலக் குழு முன் எந்தக் கூட்டத்தில் வைக்கப்படும். மறுஆய்வு முடியாத நிலையில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்ற எண்ணைச் சொல்ல இயலாது. அப்போது ஆய்வு நடைபெறுகிறது, இந்த நாளில் எண் தெரிவிக்கப்படும் என்று எழுதுவதே நேர்மை. ஊகித்த எண்ணை எழுதிவிட்டுப் பின்னர் மாற்றுவது முழுப் பதிலின் நம்பகத்தையும் கெடுக்கும்.

பாலிசிதாரருக்கு எஞ்சியுள்ள வழிகளைச் சொல்லும் பத்தியிலும் ஒரு கண்ணி உண்டு. பதில்கள் பெரும்பாலும் நிறைவு இல்லையேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம் என்று அச்சிட்ட வாசகத்தோடு முடிகின்றன. சென்னை அண்ணா சாலையில் அலுவலகம் கொண்ட குறைதீர்ப்பாளர் 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க வல்லவர். தனிநபர் பாலிசிகளோடு, குழுக் காப்பீடு, தனி உரிமையாளர் தொழில், குறுந்தொழில் ஆகியவற்றின் முறையீடுகளையும் ஏற்பவர். ஆனால் பாலிசியின் பெயரில் சூக்ஷ்ம என்று இருப்பதால் மட்டும் ஒரு தொழிற்கூடம் குறுந்தொழில் ஆகிவிடாது. பாலிசி சொத்தின் மதிப்பைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. குறுந்தொழில் என்ற தகுதியோ முதலீட்டையும் விற்றுமுதலையும் கொண்டு வேறொரு சட்டத்தால் தீர்மானிக்கப்படுகிறது. 2025 மார்ச் வரை விற்றுமுதல் எல்லை 5 கோடியாக இருந்து, அவ்வாண்டு ஏப்ரலில் 10 கோடியானது. மாதிரியில் உள்ளதுபோன்ற தனியார் நிறுவனம் இந்த எல்லையைத் தாண்டியிருந்தால், பொருந்தாத வாயிலைக் காட்டும் பதில் அதன் உரிமையாளருக்கு மேலும் சில மாதங்களை வீணாக்கும். முறையீட்டாளரின் தகுதியைப் பார்த்து, அவருக்கு உண்மையில் திறந்துள்ள வழியை எழுதுவது நிறுவனத்தின் கடமை.

இதே வளாகங்களில் பணிபுரியும் தொழிலாளரின் மருத்துவக் கோரிக்கைகளிலும் இக்காலவரிசை முறை பொருந்தும். ஆனால் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் பெரும்பாலும் ஈஎஸ்ஐ திட்டத்தில் உள்ளனர், அது இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வருவதில்லை என்பதால் அவர்களின் குறை வேறு வழியில் போக வேண்டும்.

ஆணையத்துக்கு அளிக்கும் பதில் இன்றைய நடைமுறையில் இரு அலுவலகங்களுக்கிடையே செல்லும் கடிதமாகவே பெரிதும் நிற்கிறது. முறையீட்டாளருக்குக் கிடைப்பது அதன் சுருக்கமோ, முறையீடு முடிக்கப்பட்டது என்ற அறிவிப்போ மட்டுமே. காலவரிசையையும் அதற்கான சான்றுகளின் பட்டியலையும் முறையீட்டாளருக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும் என்று ஆணையம் விதிக்க வேண்டும். தம் கோப்பில் எந்த நாள் யார் கையில் கழிந்தது என்பதைத் தொழிற்கூட உரிமையாளரே சரிபார்க்க முடிந்தால், அந்த 48 நாட்களைப் பாலிசிதாரரின் தாமதம் என்று எந்தக் கிளையும் எழுதத் துணியாது. அதுவரை ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிலதிபர்கள், நனைந்த சரக்கின் படத்தோடு, சர்வேயரின் ஒவ்வொரு ஆவணக் கேள்வியையும் அதற்கு அளித்த பதிலையும் மின்னஞ்சலில் நாளோடு வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுக் கடிதத்தில் தொகை குறைந்திருந்தால், எந்த வாசகத்தின்படி குறைக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.